கலியாணப் பேச்சோடு கிளினிக் கொப்பியையும் எடுங்கள்
(நூற்றாண்டு விழாவையொட்டி அளவெட்டியில் நடந்த பெண்கள் நலக் கருத்தரங்கில் எமது சங்கத்தின் சுகாதாரக் குழு நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே பிறசர்க் குளிசையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். இந்தப் பேச்சுக்கு ஒரு கேள்விதான் காரணம். எங்கள் பாடசாலையில் படித்த பிள்ளைகள் எங்களைக் கோயில் வீதியிலோ கலியாண வீட்டிலோ கண்டால் மெல்ல ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். “அக்கா, நான் பிறசருக்குக் குளிசை போடுறனான். இப்ப எனக்கு நாள் தள்ளிப் போயிட்டுது. இந்தக் குளிசையைப் போடலாமோ?” என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்பது நல்லது. ஆனால் அதைக் கேட்க வேண்டிய நேரம் நாள் தள்ளிப்போன பிறகு அல்ல. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டும். ஏன் அப்படி என்பதைத்தான் இன்று விளக்கப் போகிறோம்.

முதலில், எந்தக் குளிசையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். பிறசருக்குக் கொடுக்கும் குளிசைகளில் பல வகை உண்டு. அவற்றுள் ஒரு வகையின் பெயர்கள் எல்லாம் “ப்ரில்” என்று முடியும். எங்கள் அரச கிளினிக்குகளில் அதிகம் கொடுக்கப்படுவது எனாலப்ரில். கப்டோப்ரில், லிசினோப்ரில், ரமிப்ரில், பெரிண்டோப்ரில் என்பவையும் இந்த வகையே. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பொதிகளில் பெரும்பாலும் கடைசி மூன்றில் ஒன்று இருக்கும். இவற்றுக்கு நெருங்கிய உறவான இன்னொரு வகையின் பெயர்கள் “சார்ட்டன்” என்று முடியும். லொசார்ட்டன், டெல்மிசார்ட்டன், வல்சார்ட்டன் என்பவை அவை. எனாலப்ரில் போட்டு வறட்டு இருமல் வந்தவர்களுக்கு லொசார்ட்டனை மாற்றிக் கொடுப்பது வழக்கம். கர்ப்பத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டு வகையும் ஒன்றுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. “எனக்குப் பிறசர் இல்லை, ஆகையால் இது எனக்குரிய விசயம் இல்லை” என்று சிலர் நினைப்பார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போகத் தொடங்கினால், சிறுநீரகத்தைக் காப்பதற்கென்று இதே எனாலப்ரிலையோ லொசார்ட்டனையோ கொடுப்பார்கள். லூப்பஸ் போன்ற நோயினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இளம் பெண்களுக்கும் கொடுப்பார்கள். அவர்களுக்குப் பிறசர் இல்லாமலே இருக்கலாம். எனவே நோயின் பெயரைப் பார்க்காமல் குளிசையின் பெயரைப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் கிளினிக் கொப்பியைத் திறந்து “ப்ரில்” அல்லது “சார்ட்டன்” என்று முடிகின்ற பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பாமசிகளில் இரண்டு மருந்துகள் சேர்ந்த குளிசைகளும் விற்கிறார்கள். அவற்றின் அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரையும் வாசிக்க வேண்டும்.

இந்தக் குளிசை பொல்லாத குளிசை அல்ல. எங்கள் சிறுநீரகம் றெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அஞ்சியோடென்சின் என்ற பொருள் உண்டாகிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. எனாலப்ரில் இந்தச் சங்கிலியின் நடுவே ஒரு கண்ணியை அடைத்துவிடுகிறது. “சார்ட்டன்” வகை கடைசிக் கண்ணியை அடைக்கிறது. அழுத்தம் குறைகிறது. சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தமும் குறைவதால் புரதம் கசிவதும் குறைகிறது. இருதயத்துக்கும் நல்லது. இந்த வகையின் முதற் குளிசையான கப்டோப்ரிலுக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சு. அதிலுள்ள பொருட்களை ஆராய்ந்ததிலிருந்துதான் அது பிறந்தது. 1981இல் அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது. அன்றிலிருந்து எத்தனையோ இலட்சம் பேரைப் பக்கவாதத்திலிருந்தும் சிறுநீரகச் செயலிழப்பிலிருந்தும் காத்த மருந்து இது.

அப்படியானால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் கூடாது? தாய் விழுங்கும் எனாலப்ரில், பாடநூலில் சூல்வித்தகம் என்று படித்தோமே, அதைக் கடந்து பிள்ளையின் இரத்தத்துக்குள் போகிறது. பிள்ளையின் சிறுநீரகம் ஏறத்தாழப் பத்தாம், பன்னிரண்டாம் கிழமையளவில் சிறுநீரை உண்டாக்கத் தொடங்குகிறது. பிள்ளையின் இரத்த அழுத்தமோ மிகவும் குறைவு. அந்தக் குறைந்த அழுத்தத்திலும் வடிகட்டி வேலை செய்வதற்கு அஞ்சியோடென்சின் கட்டாயம் தேவை. வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயை அது சற்று இறுக்கிப் பிடிப்பதால்தான் உள்ளே அழுத்தம் நிற்கிறது. குளிசை அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டால் வடிகட்டல் நின்றுபோகிறது. தாய்க்கு நன்மை செய்த அதே செயல் பிள்ளைக்குத் தீமையாகிறது.

பிள்ளை சிறுநீர் கழிக்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் பன்னீர்க்குடத்தில் இருக்கும் நீரில் பெரும்பங்கு பிள்ளையின் சிறுநீர்தான். பிள்ளை அதை விழுங்குகிறது, நெஞ்சுக்குள் இழுத்து விடுகிறது, மீண்டும் கழிக்கிறது. அந்த நீரில்தான் நுரையீரல் விரிந்து வளர்கிறது. கைகால் அசைய இடம் கிடைக்கிறது. நீர் வற்றினால் நுரையீரல் சிறுத்துப்போகும். கருப்பை பிள்ளையை நெருக்குவதால் மூட்டுகள் மடங்கி இறுகும். மண்டையோட்டு எலும்பு சரியாக உறையாமலும் போகலாம். பிறந்த பின்னும் சிறுநீர் போகாமல், அழுத்தம் எழும்பாமல் இறந்த குழந்தைகள் உண்டு. ஸ்கானில் நீரின் மிக ஆழமான இடத்தை அளந்து பார்ப்பார்கள். அது 2 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் நீர் வற்றுகிறது என்று கொள்வார்கள். மருந்தை அந்த நிலையிலே நிறுத்தினாலும் பல வேளைகளில் நீர் திரும்பச் சுரக்கிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் சிறுநீரகத்துக்கு ஏற்பட்ட சேதம் எல்லாப் பிள்ளைகளிலும் மாறுவதில்லை.

இந்த அறிவு இலகுவாகக் கிடைத்தது அல்ல. முயல்களிலும் செம்மறியாடுகளிலும் கப்டோப்ரிலினால் குட்டிகள் வயிற்றிலேயே இறப்பதை 1980இலேயே பிரித்தானிய ஆராய்ச்சியாளர் எழுதினார்கள். பின்னர் மனிதக் குழந்தைகள் பாதிக்கப்பட்ட செய்திகள் ஒவ்வொன்றாக மருத்துவ இதழ்களில் வந்தன. 1992இல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கர்ப்பத்தின் நடுப்பகுதிக்கும் இறுதிப்பகுதிக்கும் கடும் எச்சரிக்கையை இந்தக் குளிசைகளின் மீது இடச் செய்தது.

முதல் மூன்று மாதங்களைப் பற்றி என்ன சொல்வது? இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். 2006இல் அமெரிக்காவின் ரெனசி மாநிலத்தில் 29,507 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. முதல் மூன்று மாதத்தில் இந்தக் குளிசைக்கு உட்பட்ட 209 குழந்தைகளில், பிறவிக் குறைபாடு மற்றவர்களிலும் ஏறத்தாழ 2.7 மடங்கு கூடுதலாக இருந்ததாக அது சொன்னது. உலகம் முழுவதும் தாய்மார் கலங்கினார்கள். பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 2017இல், பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களைப் பார்த்த பெரிய ஆய்வொன்று வந்தது. தாயின் நீரிழிவு, உடற்பருமன், இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் கணக்கிலெடுத்தபோது அந்தக் கூடுதல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதாவது குறைபாட்டுக்குக் காரணம் குளிசையைவிடத் தாயின் நோயாகவே இருந்திருக்கலாம். எனவே தெரியாமல் முதற் சில கிழமைகள் எனாலப்ரில் போட்டுவிட்ட ஒரு பிள்ளை, “என்ர பிள்ளை பழுதாப் போச்சு” என்று அழவோ, அதற்காகவே கருவைக் கலைக்க ஓடவோ தேவையில்லை. இந்த ஒரு வசனத்தையாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

முதல் மூன்று மாதத்தில் ஆபத்து அவ்வளவு இல்லை என்றால், கர்ப்பம் தரித்த பிறகு நிறுத்தினால் போதாதா? பலருக்கு இந்தச் சந்தேகம் வரும். போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, கர்ப்பம் தெரிய வரும் நேரம். கர்ப்பத்தின் கிழமைகளை நாங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். ஒழுங்காக மாதவிடாய் வருபவர் நாள் தள்ளிப்போனதை உணரும்போதே நாலு கிழமை முடிந்துவிடும். மாதவிடாய் ஒழுங்கற்றவர்கள் “எனக்கு எப்பவும் இப்பிடித்தானே” என்று இருந்துவிடுவார்கள். அவர்களுக்கு எட்டு, பத்துக் கிழமை போவது இலகு. பிறகு வீட்டில் சொல்லி, கிளினிக் நாள் பார்த்துப் போக இன்னும் இரண்டு கிழமை. அதற்கிடையில் பிள்ளையின் சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிடும்.

மற்றது, மாற்றுக் குளிசை உடலுக்குப் பிடிக்கும் காலம். எனாலப்ரில் சில நாட்களில் உடலை விட்டுப் போய்விடும். மாதக்கணக்கில் முன்னதாக நிறுத்தச் சொல்வது அது உடலில் தங்கிவிடும் என்பதற்காக அல்ல. புதிய குளிசை இவருக்கு ஒத்துக்கொள்ளுமா, எந்த அளவில் அழுத்தம் அடங்கும் என்று கண்டுபிடிக்க நாலு தொடக்கம் எட்டுக் கிழமையாவது வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பைக் கருவில் பிள்ளை இல்லாதபோது செய்வதே பாதுகாப்பு.

வேறு சில குளிசைகளுக்குக் காரணம் இதுவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வல்ப்ரோயேற்றை எடுத்துக்கொள்வோம். பிள்ளையின் முள்ளந்தண்டுக்குரிய நரம்புக்குழாய் கருக்கட்டி 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. தாய்க்கு நாள் தள்ளிப்போய் இரண்டு கிழமைகூட ஆகியிராது. கெடுதி நடக்க வேண்டியது அதற்குள் நடந்துவிடும். ஆகவே அதை முன்னரே மாற்றாவிட்டால் பயனில்லை. மூட்டு நோய்க்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேற்றையும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கும் லூப்பஸ் நோயாளருக்கும் கொடுக்கும் மைக்கோபினோலேற்றையும் கருத்தரிக்க முன்னரே நிறுத்தி இடைவெளி விட வேண்டும். முதலாவதுக்குப் பொதுவாக மூன்று மாதமும் இரண்டாவதுக்கு ஆறு கிழமையும் சொல்வார்கள். அதேநேரம் தைரொயிட்டுக்குப் போடும் தைரொக்சினை நிறுத்தவே கூடாது. கர்ப்பத்தில் அதன் அளவைக் கூட்டவேண்டித்தான் வரும். எனவே “கர்ப்பம் என்றால் இங்கிலீசு மருந்தெல்லாம் நிப்பாட்ட வேணும்” என்று பெரியவர்கள் சொல்வதும் பிழை, “டொக்டர் தந்தது, எதையும் மாத்தக் கூடாது” என்று இருப்பதும் பிழை. ஒவ்வொரு குளிசைக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

இனி ஒரு பிள்ளையின் கதையைப் பார்ப்போம். இது தனியொருவருடைய கதை அல்ல. பலரிடம் கண்டதைச் சேர்த்து விளங்குவதற்காகச் சொல்கிறோம். அவருக்கு வயது 31. ஆசிரியை. இரண்டு வருடத்துக்கு முன் பாடசாலையில் தலையிடி என்று போய்ப் பார்த்தபோது அழுத்தம் 150/96 இருந்தது. அன்றிலிருந்து எனாலப்ரில் 5 மில்லிகிராம் காலையும் மாலையும் போடுகிறார். மாதவிடாய் முப்பத்தைந்து நாளிலும் வரும், ஐம்பது நாளிலும் வரும். போன வருடம் பதிவுத் திருமணம் முடிந்தது. மாப்பிள்ளை கனடாவில். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஓகஸ்டில் வந்து தாலி கட்டி, ஆறு கிழமை நின்று திரும்புவார். பிறசர் இருக்கிறதென்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவில்லை. சொன்னால் குழம்பிவிடும் என்று தாய்க்குப் பயம்.

இவர் ஏப்ரல் மாதம் கிளினிக் கொப்பியோடு வந்து, “ஓகஸ்டுக்குப் பிறகு பிள்ளைக்கு யோசிக்கிறோம்” என்று டொக்டரிடம் சொன்னார். அந்த ஒரு வசனம் போதும். டொக்டர் முதலில் குளிசையை மாற்றவில்லை. 29 வயதில் ஏன் பிறசர் வந்தது என்று பார்த்தார். சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியற்றினின், பொட்டாசியம், சீனி, சிறுநீரக ஸ்கான் எல்லாம் செய்தார்கள். சிறுநீரக நோயினால் வந்த பிறசர் என்றால் போக வேண்டிய வழியே வேறு. இவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. தாய்க்கும் இளவயதிலேயே பிறசர்.

கர்ப்பத்தில் நீண்டகாலமாகப் பழகிய பிறசர்க் குளிசைகள் மூன்று. லபெற்றலோல், நிபெடிப்பின், மெத்தில்டோப்பா என்பவை அவை. லபெற்றலோல் தொய்வு உள்ளவர்களுக்குக் கூடாது. இவருக்குச் சிறுவயதில் தொய்வு இருந்தது. மெதுவாகக் கரையும் நிபெடிப்பின் 20 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதினார். ஞாயிறு இரவு கடைசி எனாலப்ரில், திங்கள் காலை முதல் நிபெடிப்பின். இடையில் வெறும் நாள் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போடவும் இல்லை. மீதியாக இருந்த எனாலப்ரிலை வீட்டில் வைத்திருக்காமல் பாமசியில் கொடுக்கச் சொன்னார். மாறிப் போட்டுவிடுவது வழக்கமான தவறு.

முதற் கிழமை முகம் சூடாகச் சிவந்து தலை இடித்தது. நிபெடிப்பின் குழாய்களை விரிப்பதால் அப்படி வரும், பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும் என்று முன்னரே சொல்லியிருந்ததால் அவர் விட்டுவிடவில்லை. ஐந்து நிமிடம் இருந்து ஓய்வெடுத்துக் காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை அளந்து ஒரு கொப்பியில் எழுதினார். நாலாம் நாள் 146/92. பதினாலாம் நாள் வரையில் 138/88இல் நின்றது. கர்ப்பத்தில் 135/85 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்கவே முயல்வார்கள். ஆகவே மெத்தில்டோப்பா 250 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை சேர்த்தார்கள். கொஞ்சம் நித்திரைத் தன்மை இருந்தது. இரண்டு கிழமையில் 128/82 ஆயிற்று. யூன் முடிவில் எல்லாம் நிலைப்பட்டுவிட்டது. இதற்கிடையில் போலிக் அமிலமும் தொடங்கிவிட்டார்.

மாப்பிள்ளை வந்தார், நின்றார், போனார். செப்டெம்பர் கடைசியில் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்தது. அன்று அவர் எந்தக் குளிசையையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் கிழமையிலிருந்து குறைந்த அளவு அஸ்பிரின் கொடுத்தார்கள். முன்னரே பிறசர் உள்ளவர்களுக்கு, கர்ப்பத்தில் வரும் முன்வலிப்பு நோயின் வாய்ப்பை அது குறைக்கிறது. ஸ்கானில் பன்னீர் அளவு ஒழுங்காக இருந்தது.

இதே பிள்ளை ஏப்ரலில் வராமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? ஐம்பது நாளில் மாதவிடாய் வருபவர், கலியாணக் களைப்பு என்று எண்ணி ஒக்டோபர் கடைசி வரைகூட இருந்திருப்பார். புகுந்த வீட்டில் பிறசரைச் சொல்லாததால் குளிசையை ஒளித்துப் போட்டிருப்பார். கர்ப்பம் தெரிந்தபோதும் “குளிசை போடுறன்” என்று மிட்வைப் மிசுக்குச் சொல்ல வாய் வந்திராது. ஆபத்து வருவது பெரும்பாலும் இந்த மறைப்பினால்தான். அவருடைய தாய் கடைசியில் சம்பந்தி அம்மாவிடம் தானே போய்ச் சொன்னார். “எனக்கும் இருக்குத்தானே, இதுக்கேன் பயந்தனீங்கள்” என்று அந்த அம்மா தன் குளிசைப் பெட்டியைத் திறந்து காட்டினாராம்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறுநீரக நோயினால் நிறையப் புரதம் போகின்றவர்களுக்கு எனாலப்ரிலை மாதக்கணக்கில் முன்னரே நிறுத்தினால் சிறுநீரகம் கெட்டுவிடலாம். கருத்தரிக்க எத்தனை மாதம் எடுக்கும் என்பது யாருக்கும் தெரியாது. மாதவிடாய் ஒழுங்காக வருகின்ற, நாள் தள்ளிப்போனதும் பரிசோதிக்கக்கூடிய சிலருக்குச் சிறுநீரக வைத்திய நிபுணர் “கர்ப்பம் உறுதியாகும்வரை எனாலப்ரிலைப் போடுங்கள், இரண்டு கோடு கண்ட அன்றே நிறுத்துங்கள்” என்று திட்டம் போடுவதுண்டு. “சார்ட்டன்” வகைக்கு இந்தச் சலுகை இல்லை. அதை முன்னரே மாற்றிவிடுவார்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எனாலப்ரிலைத் தொடரச் சொன்னார்கள் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அது உங்களுக்குப் பொருந்தாது.

இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாராவது இன்றிரவே குளிசையைத் தானாக நிறுத்தினால் நாங்கள் பேசியது தீமையாகிவிடும். மாற்றுக் குளிசை இல்லாமல் நிறுத்தினால் அழுத்தம் சில நாட்களில் ஏறும். ஏறின அழுத்தம் தாய்க்குப் பக்கவாதத்தையும் வலிப்பையும் பிள்ளைக்கு வளர்ச்சிக் குறைவையும் கொண்டுவரும். 160/110ஐ எட்டினால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கர்ப்பத்தில் கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ வந்தாலும் அளவு பார்த்துக்கொண்டு நிற்காமல் போக வேண்டும். பிள்ளைக்கு இன்னும் எண்ணம் இல்லை என்றால் எனாலப்ரிலை நிம்மதியாகப் போடுங்கள். ஆனால் நம்பகமான குடும்பக் கட்டுப்பாட்டு முறை ஒன்று கூடவே இருக்க வேண்டும்.

ஏற்கனவே கர்ப்பமாகிவிட்டால்? “ப்ரில்”, “சார்ட்டன்” குளிசையை நிறுத்தி, அன்றே அல்லது மறுநாள் டொக்டரைக் கண்டு மாற்றுக் குளிசையை வாங்குங்கள். பிரித்தானிய வழிகாட்டல் இரண்டு வேலை நாட்களுக்குள் என்று சொல்கிறது. அடுத்த கிளினிக் நாள் மூன்று கிழமைக்குப் பிறகு என்று கொப்பியில் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். எத்தனையாம் கிழமைவரை குளிசை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சரியான நேரத்தில் பன்னீரையும் பிள்ளையின் சிறுநீரகத்தையும் ஸ்கானில் பார்க்க அந்தத் தகவல்தான் உதவும்.

பிள்ளை பிறந்த பின் இந்தக் கதை ஒரு வட்டம் சுற்றி வருகிறது. மெத்தில்டோப்பா பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வைக் கூட்டக்கூடும் என்பதால் இரண்டு நாட்களுக்குள் அதை மாற்றுவது நல்லது. அப்போது தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்குக் கொடுக்கப்படும் குளிசைகளில் ஒன்று எனாலப்ரில்! பாலில் மிகச் சிறிதளவே போகிறது. மாதம் குறைந்து பிறந்த பிள்ளை என்றால் மட்டும் டொக்டர் யோசித்துத் தருவார். அந்த ஆசிரியைக்கும் பழைய எனாலப்ரில் திரும்ப வந்தது. வந்த அன்றே, “அடுத்த பிள்ளைக்கு முன்னும் இதே மாதிரி வரவேணும்” என்று கொப்பியில் எழுதிவிட்டார்கள்.

எங்கே போவது? எங்கள் நாட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். நாங்கள் மிட்வைப் மிஸ் என்று அழைப்பவர் அவர்தான். புதிதாகத் திருமணம் செய்தவர்களைப் பதிந்து, கர்ப்பத்துக்கு முன்னரே அழுத்தமும் சீனியும் பார்த்து, போலிக் அமிலம் கொடுக்கும் திட்டம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக நடக்கிறது. அந்தப் பதிவுக்குப் போகும்போது கணவரையும் கிளினிக் கொப்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிறசருக்கோ நீரிழிவுக்கோ தெல்லிப்பழை வைத்தியசாலையிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ மருந்து எடுப்பவர்கள், குளிசை எழுதுகின்ற டொக்டரிடமே நேராகச் சொல்லுங்கள். கிளினிக்கில் சனம் நிறைய. உங்களுக்குக் கலியாணம் சரிவந்ததை அவர் கேட்க நேரமிராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தாய்மாருக்கும் ஒரு சொல். சாதகம் பார்க்கவும் மண்டபம் பிடிக்கவும் ஆறு மாதத்துக்கு முன்னரே தொடங்குகிறோம். அந்த ஆறு மாதம் குளிசையை மாற்றவும் தாராளமாகப் போதும். மகளின் கொப்பியை அப்போதே எடுத்துப் பாருங்கள்.